தாள் மூன்று, மொத்தம் நான்கு

முன்னறையிலிருந்து 'சர்ரக்' என்று காகிதம் கிழிபடும் சத்தம் கேட்டது. அடுக்களையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தவளுக்கு அது என்ன சத்தம் என்று புரிய ஒரு நொடிகூட ஆகவில்லை. ஒட்டிய பசை காயக்கூட இல்லையே!

"சித்தப்பா! அது வாலுக்கு எழுதின கடிதம். உங்களுக்கு இல்ல!"

"மகளுக்கு வந்தா அப்பனுக்கு வந்த மாதிரிதானேம்மா. நீ டீயைப் போடு, அவசரமில்ல."

வடிகட்டியைத் தொட்டிக்குள் வீசினாள். இரண்டு நாளாக இதே பாடுதான். சித்தப்பா மகளுக்கு வாலு என்று பெயர் வைத்தது யாரோ, சரியாகத்தான் வைத்திருந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு, "அக்கா மாதிரி டிப்ளமோ சேர்ந்து மெஷின் படம் வரையப் போறேன்" என்று பிடிவாதம். நாலு வருட இன்ஜினியரிங் டிகிரியைத் தவிர வேறு பேச்சே கூடாது என்று சித்தப்பா ஒற்றைக் காலில் நிற்கிறார். போனில் பேசலாமென்றால் அவர் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, மகளிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் தானே பதில் சொல்கிறார். கடைசியில் வாலுதான் சொன்னாள்: "அக்கா கைப்பட எழுதிக் கொடுக்கட்டும். படிச்சிட்டு முடிவு பண்றேன்." விண்ணப்பத்துக்கு நாளை மதியம் கடைசி.

அக்காவான அவள் பம்பு செய்யும் தொழிற்சாலையில் பதினேழு வருடமாக வரைபடப் பிரிவில் இருக்கிறாள். அங்கே அவளுக்கு 'ஸ்கேல்' என்று பட்டப்பெயர். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு எழுந்து வந்துவிடுவாள். ஒவ்வொரு படத்தின் வலது கீழ் மூலையிலும் ஒரு கட்டம் இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் என்று மூன்று வரி. முதல் இரண்டு வரியில் அவள் கையெழுத்து ஆயிரக்கணக்கில் கிடக்கிறது. மூன்றாவது வரியில் ஒன்றுகூட இல்லை. அந்தத் தொழிற்சாலையில் அது டிகிரிக்காரர்களுக்கு மட்டும். போன வருடம் அந்த வரிக்கு வந்து உட்கார்ந்த பையனுக்கு, துளைக்கும் தண்டுக்கும் எவ்வளவு இடைவெளி விடவேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததே அவள்தான்.

டீயோடு வந்தபோது சித்தப்பா தாள்களை மடித்து உறைக்குள் செருகிக்கொண்டிருந்தார். முகத்தில் ஏதோ தானே எழுதியது போன்ற திருப்தி.

"பிரமாதம்மா! குறிப்பா அந்த ரெண்டாவது பக்கம். மூணாவது வரியில உன் கையெழுத்து விழுந்ததே இல்லைன்னு எழுதியிருக்கியே, கண்ணுல தண்ணி வந்துடுச்சு. இதைப் படிச்சா எந்தப் பொண்ணும் டிப்ளமோ பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டா."

"மூணாவது பக்கம்?"

"அதுவும்... நல்லாத்தான் இருந்தது."

அவர் கண் டீ டம்ளருக்குள் போய் ஒளிந்துகொண்டது. அவள் உறையை வாங்கித் தாள்களை விரித்தாள். தொழில் பழக்கம் விடுமா? ஒவ்வொரு தாளின் மூலையிலும் எண் போட்டிருந்தாள். 1/4. 2/4. அடுத்தது 4/4.

"சித்தப்பா, சட்டைப் பையில இருக்கறதை எடுங்க."

"பையில ஒண்ணும்..."

"மொத்தம் நாலு தாள்னு ஒவ்வொரு தாள்லயும் போட்டிருக்கேன். ஒரு பக்கத்தை உருவினா கதை மாறிடும்னு நினைச்சீங்க, எண்ணைப் பார்க்கலையே! எடுங்க!"

அவர் எடுத்தார். நாலாய் மடித்த தாள், கசங்கிப்போய். பரீட்சையில் பிடிபட்டவர் போல மேஜைமேல் வைத்தார்.

அந்தப் பக்கத்தில் அவள் எழுதியிருந்தது இதுதான். பன்னிரண்டு முடித்திருப்பதால், மூன்று வருட டிப்ளமோவில் வாலு நேராக இரண்டாம் வருடத்தில் சேரலாம். இரண்டு வருடத்தில் முடிந்துவிடும். பிறகு நல்ல மதிப்பெண் இருந்தால் டிகிரியிலும் நேராக இரண்டாம் வருடம், இன்னும் மூன்று வருடம். ஆக ஐந்து. நேரே டிகிரி போனால் நாலு. வித்தியாசம் ஒரே ஒரு வருடம். ஆனால் அந்த நேரடி இடங்கள் கொஞ்சம்தான், கேட்டு வைத்துக்கொள். எதில் சேர்ந்தாலும் முதலில் போய்ப் பட்டறையைப் பார். லேத் மெஷின்மேல் தூசி படிந்திருந்தால் திரும்பி வந்துவிடு. டிப்ளமோ முடித்து வேலைக்குப் போனால், சம்பளம் கைக்குப் பழகுவதற்குள் மேலே படித்துவிடு. நான் மாலை நேர வகுப்புக்கு மூன்று முறை படிவம் வாங்கினேன். மூன்றும் அலமாரியில் இருக்கின்றன. அது டிப்ளமோவின் தப்பு இல்லை. நான் கற்ற வேலைக்காக ஒரு நாளும் வருந்தியதில்லை.

"இந்தப் பக்கத்தை ஏன் எடுத்தீங்க?"

"வருந்தலைன்னு எழுதியிருக்கியே, அதான்!" சித்தப்பாவின் குரல் திடீரென்று உயர்ந்தது. "பொய்தானே? அந்தச் சின்னப் பையன் உனக்கு மேல வந்த அன்னைக்கு, இதே நாற்காலியில உக்காந்து நீ அழுததை நான் பாக்கலையா?"

"அழுதேன். மறுநாள் வேலைக்குப் போனேன். ரெண்டும் நிஜம்தான். நீங்க ஒண்ணை மட்டும் பையில போட்டுக்கறீங்க."

"உங்கப்பா போனப்போ உன் படிவத்துல கையெழுத்துப் போட்டது யாரு? நான்தான். பத்தாவது முடிச்ச பொண்ணு, வீட்டுக்குச் சீக்கிரம் ஒரு சம்பளம் வரணும்னு டிப்ளமோல தள்ளிவிட்டேன். நீ மேல படிக்க வேண்டியவ. அது என் நெஞ்சுல கெடந்து அறுக்குதும்மா. அதே கையால என் பொண்ணுக்கும் போடணுமா?"

பதினெட்டு வயதைத் தாண்டி ஒரே வருடத்தில், முதல் சம்பளத்தை அம்மா கையில் வைத்த நாள் அவளுக்கு நினைவு வந்தது. அந்தப் பாரத்தை இந்த மனிதர் இத்தனை வருடம் சுமந்திருக்கிறார், வாய் திறக்காமல். கூடவே எரிச்சலும் வந்தது. சுமந்ததை இறக்கிவைக்க அவருக்கு வாலுவின் தலைதானா கிடைத்தது?

"நீங்க தள்ளலை சித்தப்பா, நான் தாவினேன். அதுக்கப்புறம் படிக்காம விட்டது நான். உங்க பங்கு அந்தப் படிவத்தோட முடிஞ்சுபோச்சு. நீங்களும்தான் வரலாறுல பட்டம் வாங்கினீங்க. அது கடை சுவத்துல தொங்குது, நீங்க கீழ உக்காந்து நோட்டுப் புத்தகம் விக்கறீங்க. அதுக்காக யாராவது பட்டமே வேண்டாம்னாங்களா?"

"சுவத்துல இருந்தா மரியாதைதானே!"

"தினமும் தொடச்சா மரியாதை."

அவர் சிரித்துவிட்டார். சிரித்ததை மறைக்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவள் கசங்கிய தாளை நீவி, மற்ற மூன்றோடு சேர்த்தாள். கடைசித் தாளின் மூலையில், கைப்பழக்கத்தில் அதே மூன்று வரிக் கட்டத்தைப் போட்டிருந்தாள். வரைந்தவர் வரியில் அவள் கையெழுத்து இருந்தது. பேனாவை அவரிடம் நீட்டினாள்.

"எதுக்கு?"

"நாலு பக்கமும் படிச்சீங்கன்னு. சரிபார்த்தவர் வரியில."

"ஒப்புதல் வரியில இல்ல? நான் அப்பன்டி!"

"அது வாலு போட வேண்டியது."

"அவளா? அவளுக்கு என்ன தெரியும்!"

"அதனாலதான் நாலு பக்கம் எழுதினேன்."

முணுமுணுத்தபடி கையெழுத்துப் போட்டார். வழக்கம்போலப் பக்கத்தில் பி.ஏ. என்றும் எழுதினார். அவள் புது உறையில் போட்டு, இந்த முறை டேப் ஒட்டினாள். இரண்டு சுற்று. அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வாசலில் திரும்பினார்.

"அவ டிப்ளமோன்னே முடிவு பண்ணிட்டா?"

"பட்டறையில தூசி இருக்கான்னு நீங்க கூடப் போய்ப் பாருங்க."

"நீ எந்தப் பக்கம்னு சொல்லவே மாட்டேங்கறியே!"

"போங்க சித்தப்பா, நாளைக்குக் கடைசி நாள்."

வண்டிக்குப் போகும் வழியெல்லாம் அவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனார். டேப் தாங்கும். அவள் கதவைச் சாத்தினாள்.