வேர்வை இல்லாத ஜெர்சி

எனக்கு எழுபத்து நாலு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள். அந்த ஐந்தில் ஒன்றின் பொய்கூட என்னிடம் செல்லுபடி ஆனதில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான், எழுத்துக்கூட்டித்தான் இதை எழுதுகிறேன். எனக்கு என்ன அவசரம்?

ஒத்தக்கடையில் மூத்த மகன் வீட்டில் இருக்கிறேன். அவன் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. கபடியில் பாடிப் போகிறவள். பள்ளிக்கூடத்தில் ரைடர் என்கிறார்கள். மகனும் இளவயதில் அலங்காநல்லூர்ப் பக்கம் ஆடியவன்தான். முட்டி போனதும் விட்டுவிட்டு, இப்போது பெயிண்ட் கடை வைத்திருக்கிறான். மகள் கபடியில் மேலே வந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட் உறுதி என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தான். சாயங்காலம் பன்னிரண்டாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ் உண்டு. கபடிப் பயிற்சியும் அதே நேரம். இவனே போய் ஹெட்மிஸ்ட்ரஸிடம் பேசி, மகளுக்கு கிளாஸிலிருந்து விலக்கு வாங்கி வந்தான்.

மருமகள் வேலைக்குப் போகிறவள். துணி என் பாடு. பேத்தியின் கபடி ஜெர்சியை மட்டும் மெஷினில் போட மாட்டேன். வேர்வையில் புழுதி ஒட்டினால் சேறு மாதிரி இறுகிவிடும், கையால் கசக்கினால்தான் போகும்.

காலாண்டுப் பரீட்சை முடிந்த பிறகு ஒருநாள் ஜெர்சியை எடுத்து உதறினேன். புழுதி பொலபொலவென்று கொட்டியது. கழுத்துப்பட்டையை மோந்து பார்த்தேன். முந்தின நாள் போட்ட சோப்பு வாசம் அப்படியே இருந்தது. மறுநாளும் அதே கதை. ஆடாத துணியில் யாரோ மண்ணைப் பூசியிருக்கிறார்கள்.

"ஏத்தா, இன்னைக்கு எம்புட்டு நேரம் ஆடுன?"

"ரொம்ப நேரம் அப்பத்தா. உடம்பெல்லாம் வலிக்குது."

"காலாண்டு மார்க்கு வந்துருச்சா?"

"இன்னும் குடுக்கல."

முகத்தைப் பார்க்காமல் சோற்றைப் பிசைந்தாள். பரீட்சைத் தாள் கொடுக்க இம்புட்டு நாளா? ஆடப் போகவில்லை என்றால் பிள்ளை எங்கே போகிறாள்? யாரோடு? பஸ் ஸ்டாப்பில் அவளோடு நிற்கிற பிள்ளைகளையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எல்லா முகமும் திருட்டு முகமாகவே தெரிந்தது.

மகனிடம் மூச்சு விடவில்லை. ஒரு சாயங்காலம் பஸ் ஏறிப் பள்ளிக்கூடத்துக்கே போனேன். மைதானத்தில் பிள்ளைகள் கபடி பாடிக்கொண்டிருந்தார்கள். என் பேத்தி அங்கே இல்லை. நினைத்தது சரிதான்.

விசில் வைத்திருந்த பி.டி. டீச்சரிடம் போய், "எம் பேத்தி எங்கம்மா?" என்றேன்.

"மாடியில பிசிக்ஸ் ஸ்பெஷல் கிளாஸ்ல இருக்கா பாட்டிம்மா. வீட்டுல தெரியும்னு சொன்னாளே?"

நம்பவில்லை. கைப்பிடியைப் பிடித்து மாடி ஏறி, ஜன்னல் வழியே நானே பார்த்தேன். அத்தனை யூனிபாரத்துக்கு நடுவில் கடைசி பெஞ்சில் ஜெர்சியோடு ஒருத்தி குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில்தான் வாயைத் திறந்தாள். காலாண்டில் பிசிக்ஸ் பெயில். போட்டிகளுக்குப் போன நாட்களில் நடந்த பாடம் ஒன்றும் புரியவில்லையாம். பி.டி. டீச்சரிடம் கேட்டுத் தானே கிளாஸில் போய் உட்கார்ந்திருக்கிறாள். சனிக்கிழமை மட்டும்தான் ஆட்டம்.

"அப்ப மண்ணு?"

"வீட்டுக்கு வர்றப்ப கிரவுண்டுல அள்ளித் தேச்சுக்குவேன்."

"வேர்வைய எங்கடி அள்ளுவ?"

சிரித்தாள், உடனே அழுதாள். "அப்பாகிட்ட சொல்லாத அப்பத்தா. டீம்ல இருந்து விலகிட்டேன்னு நெனப்பாரு."

"நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லுவ."

வீட்டில் அவள் சொன்னதும் மகன் குதித்தான். "டிஸ்ட்ரிக்ட் மேட்ச் வருது! பிராக்டிஸ் இல்லாதவள உக்கார வச்சிருவாங்கடி."

"வச்சா உக்காருறேன்பா. பிசிக்ஸ் போச்சுன்னா கோட்டாவும் கெடையாது. அதுக்கும் பாஸாகணும்ல?"

பாடிப் போனவனை ஏழு பேர் சேர்ந்து அமுக்கினது மாதிரி நின்றான். மறுநாள் இரண்டு டீச்சரையும் பார்த்துவிட்டு வந்தான். பிசிக்ஸ் உள்ள நாட்களில் கிளாஸ், மற்ற நாட்களில் மைதானம் என்று முடிவானது.

மாவட்டப் போட்டியில் முதல் பாதி அவளை உட்காரத்தான் வைத்தார்கள். மகன் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தான். இரண்டாம் பாதியில் இறக்கினார்கள், நன்றாகவே பாடினாள். ஆனாலும் டீம் தோற்றது. அரையாண்டில் பிசிக்ஸ் பாஸ் என்றாள். வாயால் சொன்னால் போதுமா? தாளைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். பாஸ்தான், மயிரிழையில். பொதுப் பரீட்சை இன்னும் இருக்கிறது. ஜெர்சியை இப்போதும் மோந்துதான் துவைக்கிறேன்.

எழுதி முடித்துவிட்டேன். ஏ பேத்தி, இங்கே வந்து உட்கார் ஆத்தா. நான் எழுதினதைச் சத்தமாக வாசித்துக் காட்டு. உன் பொய் வரும் இடத்தில் ஒரு வரியையும் விழுங்கக் கூடாது. விழுங்கினால் எனக்குத் தெரியும்.