தேமல் என்று நான் எழுதியது

மலேசியாவின் கெலாங் பாத்தாவில் என் கிளினிக்கிலிருந்து நாலு கடை தள்ளி ஒரு தமிழ் முஸ்லிம் உணவகம் இருக்கிறது. அங்கே ரொட்டி சானாய், அதாவது எங்கள் ஊர்ப் பரோட்டா, போடுபவர் பீகார்க்காரர். திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர். அதனால் தமிழ் பேசுவார், கொஞ்சம் திருப்பூர்த் தமிழ், கொஞ்சம் எங்கள் தமிழ். முப்பது வயதிருக்கும். வாரத்தில் மூன்று நாளாவது என் காலைப் பசியாறல் அவர் கையால்தான்.

முதல்முறை அவர் என்னிடம் காட்டியது முதுகிலும் தோளிலும் இருந்த வெளிர்ந்த திட்டுகளை. அரிப்பு இல்லை, வலி இல்லை. அடுப்புச் சூட்டில் நின்று வேர்ப்பவருக்கு வேறு என்ன வரும் என்று தேமல் என்று எழுதிக் களிம்பு கொடுத்தேன். ஒரு வருடம் கழித்து மறுபடி வந்தார். மறுபடி தேமல், வேறு களிம்பு. இரண்டு முறையும் சேர்த்து அவரோடு பத்து நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டேன்.

மூன்றாம் முறை அவரை அழைத்து வந்தது கடை முதலாளி. மோவாயிலும் உதட்டைச் சுற்றியும் சின்னச் சின்ன முடிச்சுகள் கிளம்பியிருந்தன.

"டாக்டர், கஸ்டமருங்க மூஞ்சியையே பாக்குறாங்க. பெரு வியாதியா இருந்தா சொல்லிடுங்க லா" என்றார் முதலாளி. பக்கத்தில் நின்றவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கும் தொழுநோய்ச் சந்தேகம்தான். தொழுநோய்த் திட்டில் தொடுஉணர்ச்சி மரத்திருக்கும் என்பதால் பஞ்சை முறுக்கித் திட்டுகளின் மேல் தொட்டேன். கண்ணை மூடியபடி ஒவ்வொரு இடத்தையும் சரியாகச் சொன்னார். நரம்புகள் எதுவும் தடித்திருக்கவில்லை. குழப்பத்தோடு ஜோகூர் பாருவில் தோல் நிபுணராக இருக்கும் என் கல்லூரித் தோழிக்குப் படங்களை அனுப்பினேன். அரைமணி நேரத்தில் அழைத்தாள்.

"ஆள் எந்த ஊரு?"

"பீகார்."

"முன்னாடி காலா அசார் வந்திருக்கான்னு கேட்டியா?"

கேட்கவில்லை. பரீட்சைக்காகப் படித்த ஒரு பக்கம்தான் எனக்கு அந்த நோய். மணல் ஈ கடித்து உள்ளே போகும் ஒட்டுண்ணி, மாதக்கணக்கில் காய்ச்சல், வீங்கும் மண்ணீரல், மருந்து கொடுக்காவிட்டால் பெரும்பாலும் சாவு. அதில் பிழைத்தவர்களில் சிலருக்குச் சில வருடங்கள் கழித்துத் தோலில் திட்டும் முடிச்சும் வரும் என்பது அந்தப் பக்கத்தின் கடைசி வரியாக இருந்திருக்கலாம்.

அன்று மாலை கடைக்குப் போய்க் கேட்டேன்.

"வந்துச்சு மேடம். பதினெட்டு வயசுல. வயிறு இவ்ளோ பெருசு" என்று கையால் காட்டினார். "ஊசி போட்டாங்க. சரியாயிடுச்சு. அது முடிஞ்சு போன கதை."

"இந்தத் திட்டு?"

"திருப்பூர்ல ஆரம்பிச்சுது. வலிக்கல. சட்டைக்குள்ளதானே இருக்குன்னு விட்டுட்டேன்."

தோழியின் மருத்துவமனையில் மோவாய் முடிச்சில் கீறி எடுத்த மாதிரியில் தொழுநோய்க் கிருமி இல்லை. காலா அசார் ஒட்டுண்ணி இருந்தது. காய்ச்சல் போய்ப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகியும் அது அவர் தோலில் குடியிருந்தது.

முடிவைச் சொல்ல அவரையும் முதலாளியையும் கிளினிக்குக் கூப்பிட்டேன். முதலாளியின் முதல் கேள்வி, "ரொட்டி வழியா ஒட்டுமா டாக்டர்?"

"ஒட்டாது. தொட்டாலும் ஒட்டாது, சாப்பாட்டாலும் ஒட்டாது. மணல் ஈ கடிச்சாத்தான் பரவும். இந்த ஊர்ல அது அப்படிப் பரவுறதா தெரியல."

"அப்ப விட்டுடலாமே மேடம்" என்றார் அவர். "எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல."

அதுதான் இந்த நோயின் சங்கதி என்று தோழி சொல்லியிருந்தாள். கஷ்டம் இல்லாததால் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. காய்ச்சல்காரர்கள் கண்ணில் படுவார்கள், மருந்து கிடைக்கும். அவர்கள் குறைந்ததும் நோய் ஒழிந்தது என்று வீடுகளுக்குப் பூச்சிமருந்தடிப்பதும் குறையும். திட்டுக்காரர்கள் மட்டும் வருடக்கணக்கில் ஊரில் நடமாடிக்கொண்டிருப்பார்கள். மண்சுவர் வெடிப்பிலும் மாட்டுக்கொட்டகையிலும் இருக்கும் ஈ அவர்களைக் கடித்து, அடுத்து ஒரு குழந்தையைக் கடிக்கும். நோய் மறுபடி கிளம்ப அது போதும்.

இதை அவருக்குப் புரியும்படி சொன்னேன். பிறகு வழக்கமான கேள்வியாகத்தான் கேட்டேன்: "வீட்ல யாருக்காவது காய்ச்சல் இருக்கா?"

அவர் கைப்பேசியைக் கையில் எடுத்தார்.

"அண்ணன் பையனுக்கு. நாலு வயசு. ஒரு மாசமா காய்ச்சல். டைபாய்டுன்னு மருந்து குடுக்கிறாங்க."

"ஊருக்கு எப்பப் போனீங்க?"

"எட்டு மாசம் முன்னாடி. ரெண்டு மாசம் இருந்தேன். அவன் என் பக்கத்துலதான் படுப்பான்."

என் மேசையில் உட்கார்ந்தபடியே ஊருக்கு அழைத்தார். இந்தியில் பேசியதில் எனக்கு விளங்கியது காலா அசார் என்ற சொல் மட்டும். அதை நாலைந்து முறை சொன்னார். மறுநாள் அவருடைய அண்ணன் தன் பையனை அரசு மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார். காலா அசார்தான். ஒரே நாளில் நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். ஒரு வாரத்தில் பையன் சோறு கேட்டான் என்று தகவல் வந்தது.

"நான் குடுத்ததா மேடம்?" என்று என்னைக் கேட்டார்.

"இருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது" என்றேன். ஆறுதலாக வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை.

அடுத்த மாதம் அவர் தங்கைக்குக் கல்யாணம், டிக்கெட் எடுத்தாகிவிட்டது. மாத்திரை பன்னிரண்டு வாரம் சாப்பிட வேண்டும். அது இங்கே கடையில் கிடைக்காது. சிறப்பு அனுமதி வாங்கி வரவழைக்க வேண்டும். ஊரில் அரசு மருத்துவமனையிலேயே இலவசமாகக் கிடைக்கும், ஆனால் அவருக்கு லீவு மூன்று வாரம்தான். கொசுவலைக்குள் படுத்துக் கல்யாணத்தை முடித்துவிட்டு வந்து மருந்தைத் தொடங்கலாமா என்று முதலாளி கேட்டார். நான் யோசிப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

"மணல் ஈ ரொம்பப் பொடிசு முதலாளி, சாதா வலைக்குள்ள வந்துடும். நான் போகல."

மருந்து வந்து சேர ஏழு வாரம் ஆனது. கல்யாணத்தை அவர் கடையின் பின்கட்டில் நின்று கைப்பேசியில் பார்த்தார். முகத்து முடிச்சுகள் வாடும்வரை முதலாளி அவரை ரொட்டிக் கல்லிலிருந்து சமையலறைக்கு மாற்றியிருந்தார். ஒட்டாது என்று நான் மறுபடி போய்ச் சொன்னேன். "எனக்குத் தெரியும் டாக்டர், கஸ்டமருக்குத் தெரியாதே" என்றார். சம்பளத்தில் கை வைக்கவில்லை.

மாத்திரை வயிற்றைப் புரட்டியது. சாப்பிட்டவுடன் விழுங்கச் சொன்னேன். அப்படியும் பல நாள் வாந்தி. இந்த மருந்தால் கண் பாதிக்கப்படலாம் என்பதால் தோழி இடையிடையே கண்ணைப் பரிசோதிக்க அனுப்பினாள். ஒரு வேளையும் தவறவிடவில்லை. முடிச்சுகள் முதலில் அமுங்கின. திட்டுகள் மறைய ஒரு வருடம் பிடித்தது.

இதற்கிடையில் பையனுக்கு நோய் வந்ததை வைத்துச் சுகாதார ஊழியர்கள் அவர் கிராமத்தில் வீடு வீடாக மருந்தடித்து, பழைய காய்ச்சல்காரர்களைக் கூப்பிட்டுத் தோலைப் பார்த்தார்கள். அவருடைய அண்ணி கழுத்திலும் தாடையிலும் அதே வெளிர் திட்டு. பையனின் அம்மா. கல்யாணம் ஆவதற்கு முன்பே அவளுக்குக் காய்ச்சல் வந்து போயிருந்தது. முக்காட்டுக்குள் திட்டு யாருக்கும் தெரியவில்லை.

அதை அவர் என்னிடம் சொன்னபோது குரலில் நிம்மதி இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை.

"அண்ணி அழுவுறாங்க மேடம். என்னாலதான்னு சொல்றாங்க. நான் சொன்னேன், என்னாலயும் இருக்கலாம், நீங்க மாத்திரைய சாப்பிடுங்கன்னு."

"சாப்பிடுறாங்களா?"

"வாந்தி எடுக்குதாம். தினமும் சாப்பாடு முடிஞ்சதும் ஃபோன் பண்றேன். அவங்க முழுங்கினப்புறம்தான் வைப்பேன்."