வித்தியாசம் இல்லை என்று நான் எழுதியது

பிற்பகல் இரண்டு ஐம்பது. ஆம்புலன்ஸின் பின்கதவு திறந்ததும் நான் முதலில் பார்த்தது ஒரு பச்சைத் துணிப்பொதி. படுக்கையின் நடுவில் பட்டைக்குள் அது கிடந்தது. பக்கத்தில் என் தங்கையின் கணவர் கைகளை முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தார். அவருடைய சட்டைப் பொத்தான்கள் கழுத்துவரை போடப்பட்டிருந்தன.

துணிக்குள் இருந்தது என் தங்கையின் மகள். பிறந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. எட்டு வாரம் முந்திப் பிறந்தவள். எடை ஆயிரத்து நானூற்று அறுபது கிராம். தங்கைக்கு ரத்த அழுத்தம் ஏறியதால் வள்ளியூரில் அறுவை செய்து எடுத்து, எங்கள் மருத்துவமனைக்கு அனுப்பியிருந்தார்கள். தங்கை அங்கேயே படுக்கையில் இருந்தாள்.

பச்சிளம் குழந்தைகள் பிரிவின் மூத்த செவிலியர் கையை நீட்டிப் பொதியை வாங்கினார். அக்குளில் வெப்பமானியை வைத்தார். பார்த்தார். வாய்விட்டு எண்ணைச் சொன்னார். பக்கத்தில் நின்ற பெண் பதிவேட்டில் எழுதினாள்.

"முப்பத்தி நாலு புள்ளி ரெண்டு."

முப்பத்தாறரைக்கு மேல் இருக்க வேண்டும். செவிலியர் என்னைப் பார்க்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

நான் அந்த மருத்துவமனையின் மருத்துவக் கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறேன். அதற்கு முன் ஆறு வருடம் ஒரு நாளிதழில் துணை ஆசிரியராக இருந்தேன். வந்த செய்தியை இடத்துக்கு ஏற்ப வெட்டுவது வேலை. கல்லூரியில் மேற்படிப்பு மருத்துவர்கள் ஆய்வேட்டோடு என்னிடம் வருவார்கள். கணக்கைச் சரிபார்ப்பேன், வாக்கியத்தையும் சேர்த்து.

முந்தைய வருடம் அப்படி வந்தவர் குழந்தை மருத்துவம் படித்த ஒரு பெண். அவர் எடுத்த கேள்வி அந்தச் செவிலியருடையது. திசையன்விளை, வள்ளியூர்ப் பக்கமிருந்து வரும் குறைமாதக் குழந்தைகள் வழியிலேயே குளிர்ந்துபோய் வருவதைச் செவிலியர் பல வருடமாகப் பார்த்தவர். அனுப்பும் ஊர்களுக்கு அவரே போன் போட்டு, கூட வருகிறவர் யாராக இருந்தாலும் குழந்தையை வெறும் நெஞ்சோடு வைத்து மேலே துணி சுற்றிக் கொண்டுவரச் சொல்வார். அம்மா வர முடியாவிட்டால் அப்பா, அவரும் இல்லாவிட்டால் சித்தப்பா.

"கூச்சப்படுவாங்க சார். 'நீரு என்ன மாப்பிள்ளை பார்க்கவா வாரீரு, சட்டையைக் கழட்டும்வே'ன்னு போன்லயே சொல்லுவேன். நெஞ்சு மயிரு குத்துதுன்னு எந்தப் பிள்ளையும் இதுவரை புகார் சொல்லல."

ஆய்வு அதைத்தான் சோதித்தது. உறைக்குள் சீட்டு வைத்து, குலுக்கலில் வந்தபடி முப்பது குழந்தைகள் நெஞ்சோடு, முப்பது குழந்தைகள் துணியில் சுற்றிப் படுக்கையில். துணியில் வந்த முப்பதில் பன்னிரண்டு குளிர்ந்து வந்தன. நெஞ்சோடு வந்த முப்பதில் ஆறு.

சரிபாதியாகக் குறைந்திருந்தது. செவிலியர் எண்ணைக் கேட்டதும் தலையை ஆட்டினார். அவருக்கு அது செய்தியே இல்லை.

நான் கணக்கிட்டேன். பி மதிப்பு 0.09. அதாவது, இரண்டு முறைக்கும் உண்மையில் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டால், வெறும் தற்செயலில் இவ்வளவோ இதைவிடப் பெரிதோ ஒரு இடைவெளி நூற்றுக்கு ஒன்பது தடவை வரும். நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே வந்தால்தான் ஏற்போம் என்று ஆய்வு தொடங்கும் முன்பே எழுதி வைத்திருந்தோம்.

மாணவி என் மேஜையின் எதிரே உட்கார்ந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு பக்கச் சோதனை போட்டா பாதியாயிரும்லா? நாலரை வந்துரும்."

"வரும். ஆரம்பிக்கதுக்கு முன்னாடி எழுதியிருந்தா போட்டிருக்கலாம்."

"இன்னும் பத்துப் பிள்ளைய சேத்துப் பார்ப்போமா?"

"அஞ்சுக்குக் கீழ வாரவரைக்கும் சேத்துக்கிட்டே போறதா? என்னைக்காவது ஒருநாள் வரத்தான் செய்யும்."

"பேப்பர்லயும் இப்படித்தான் கறாரா இருந்தீங்களா சார்?"

இருந்தேன். இல்லாததை இருக்கிறது என்று சொல்வது முதல் வகைப் பிழை. செய்தி மேஜையிலும் அதற்குத்தான் பயந்தோம். பொய்ச் செய்தி போனால் மறுநாள் வருத்தம் தெரிவிக்க வேண்டும். விட்டுப்போன செய்திக்கு யாரும் வருத்தம் தெரிவித்ததில்லை. இருப்பதை இல்லை என்று விட்டுவிடுவது இரண்டாம் வகைப் பிழை. முப்பது முப்பது குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்தப் பிழையிலிருந்து தப்புவது கடினம் என்பதும் எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட வேறுபாடு உண்மையிலேயே இருந்தாலும், பத்துக்கு ஆறு தடவை இந்த அளவு ஆய்வு அதைத் தவறவிடும். ஒவ்வொரு முறைக்கும் எண்பது குழந்தைகளுக்கு மேல் வேண்டும். படிப்பு முடியும் தேதி அதற்கு இடம் தரவில்லை.

ஆய்வேட்டில் சரியாகத்தான் எழுதினோம். நம்பக இடைவெளியையும் போட்டோம். நெஞ்சோடு கொண்டுவந்தால் குளிர்ந்து வரும் குழந்தைகள் நூற்றுக்கு மூன்று கூடவும் செய்யலாம், நாற்பத்துமூன்று குறையவும் செய்யலாம். கிடைத்த தரவு இவ்வளவுக்கும் இடம் கொடுக்கிறது. மூன்று ஒரு பக்கம், நாற்பத்துமூன்று மறுபக்கம். கண்ணுள்ள யாரும் அதைப் பார்க்கலாம்.

தவறு அடுத்த வாரம் நடந்தது. துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஆம்புலன்ஸ் ஆளுகளுக்கு ஒரு பக்கத்துல முடிவை எழுதி அனுப்பணும்வே. தமிழ்ல, அவங்களுக்குப் புரியுத மாதிரி. நீருதான பேப்பர்காரரு."

மாணவி எழுதிய தமிழ்ச் சுருக்கத்தைக் கொடுத்தார். அதன் கடைசி வாக்கியம் இது: "இந்த எண்ணிக்கையிலான குழந்தைகளைக் கொண்டு வேறுபாட்டை உறுதிப்படுத்த முடியவில்லை, ஆயினும் நெஞ்சோடு கொண்டுவருவதால் கணிசமான நன்மை இருக்கக்கூடும் என்பதை இந்த ஆய்வு மறுக்கவில்லை." நீளம். இரண்டு எதிர்மறை. நான் பேனாவை எடுத்து அடித்துவிட்டு மேலே எழுதினேன்: "இரண்டு முறைக்கும் வித்தியாசம் இல்லை."

நான்கு சொற்கள். படிக்க நன்றாக இருந்தது. தலைவர் கையெழுத்திட்டார். சுற்றறிக்கை ஆம்புலன்ஸ்களின் உள்சுவரில் ஒட்டப்பட்டது. அதன்பிறகு செவிலியர் போன் செய்தால், "அதான் வித்தியாசம் இல்லைன்னு உங்க ஆஸ்பத்திரியே போட்டிருக்கே அக்கா" என்று பதில் வந்தது. கொஞ்ச நாளில் அவர் போன் செய்வதை நிறுத்தினார். ஒருமுறை நடைபாதையில் என்னை நிறுத்திக் கேட்டார்.

"வித்தியாசம் இல்லைன்னா, இத்தனை வருசமா நான் கையில தொட்டுப் பார்த்தது என்னது சார்?"

அப்போது எனக்கு வகுப்பு இருந்தது. பிறகு பேசலாம் என்றேன்.

குழந்தை வந்த அன்று பிற்பகல் ஒன்று ஐம்பதுக்கு என் தங்கையின் கணவர் வள்ளியூரிலிருந்து கூப்பிட்டார். பின்னால் மழைச் சத்தம் கேட்டது.

"மச்சான், வண்டி கிளம்பப் போவுது. பிள்ளைய நெஞ்சோட வச்சுக்கணும்னு இங்கன ஒரு நர்ஸம்மா சொல்லுதாங்க. வண்டிக்காரரு தேவையில்லைங்காரு, எழுதி ஒட்டியிருக்குங்காரு. நீங்க சொல்லுங்க, என்ன செய்ய?"

நம்பக இடைவெளி எனக்குத் தெரியும். மூன்றும் நாற்பத்துமூன்றும் என் கையால் கணக்கிட்டவை. ஆனால் அந்த நிமிடம் வாய்க்கு வந்தது நீளமான வாக்கியம் அல்ல.

"ரெண்டும் ஒண்ணுதான். அவங்க சொல்லுதபடி செய்யுங்க. பைய வாங்க."

அவர் நான் சொன்னபடி செய்தார்.

மூன்றாம் நாள் காலை ஆறு இருபதுக்குக் குழந்தை இறந்தது. மருத்துவர்கள் மூன்று காரணங்கள் எழுதினார்கள்: குறைமாதம், தொற்று, வந்தபோது இருந்த குளிர்ச்சி. எதற்கு எவ்வளவு பங்கு என்று எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. சொல்லவும் யாராலும் முடியாது. ஒரு குழந்தையை வைத்து எதையும் நிறுவ முடியாது என்று முதல் வகுப்பிலேயே நான் மாணவர்களுக்குச் சொல்கிறேன்.

நான்கு நாள் கழித்துச் செவிலியரைத் தேடிப் போனேன். பஞ்சுச் சுருள்களை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார். சுற்றறிக்கையை மாற்றப்போகிறேன் என்று சொன்னேன்.

"உங்க வீட்டுப் பிள்ளைன்னதும் மாத்துதீங்களா சார்?"

"அது அன்னைக்கே தப்பு."

"அன்னைக்கு நான் கேட்டேன்." சுருள்களை மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார். பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். மேஜை இழுப்பறையிலிருந்து தன் தூக்குச்சட்டியை எடுத்து என் பக்கம் தள்ளினார். தயிர்ச்சோறு. என்னால் இரண்டு வாய்க்கு மேல் முடியவில்லை.

துறைத் தலைவர் நான் சொன்னதை முழுதும் கேட்டார். நெஞ்சோடு வைப்பதால் பயனே இல்லை என்று பின்னால் தெரிந்தால், ஒரு மணி நேரம் ஒருவர் சட்டையில்லாமல் வந்திருப்பார், நட்டம் அவ்வளவுதான். பயன் இருந்து நாம் இல்லை என்று சொல்லியிருந்தால் நட்டம் குழந்தைக்கு. இரண்டு பிழைக்கும் ஒரே விலை இல்லை. இதைச் சொல்ல எனக்கு ஐந்து நிமிடம் ஆனது.

"இவ்வளவு தெரிஞ்ச ஆளு அன்னைக்கு ஏன்வே வெட்டினீரு?"

"நீளமா இருந்தது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் படிச்சுப் பார்த்துத்தான கையெழுத்துப் போட்டேன்" என்றார். புதிய சுற்றறிக்கையில் அன்றே கையெழுத்திட்டார். கடைசி வாக்கியம் மாணவி எழுதியது, ஒரு சொல் குறையாமல். அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்தோம்: எனவே, முடிந்தவரை நெஞ்சோடு வைத்தே கொண்டுவரவும்.

தங்கையைப் பார்க்க வள்ளியூர் போனேன். தையல் பிரித்துவிட்டார்கள். வீட்டில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவள் கணவர் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, எங்கும் போகாமல் நின்றார். போனில் நான் சொன்னதை அவர் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னேன்.

அவள் திரும்பாமலேயே கேட்டாள்.

"நெஞ்சோட கொண்டு வந்திருந்தா இருந்திருப்பாளா அண்ணே?"

"தெரியாதும்மா."

"உனக்குமா தெரியாது?"

"யாருக்கும் தெரியாது."

"இருந்திருக்கலாமா?"

"இருந்திருக்கலாம்."

அவள் போர்வையை இழுத்துக்கொண்டாள். மாலை ஐந்து மணிப் பேருந்துக்காக நான் எழுந்தேன். அவள் கணவர் நிறுத்தம்வரை வந்தார். வழியில் அரசு மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. பின்கதவு திறந்திருந்தது, ஒருவர் உள்ளே தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். புதிய சுற்றறிக்கை அனுப்பிப் பதினொரு நாள் ஆகியிருந்தது.

உள்சுவரில் பழையதுதான் இருந்தது.