மீனம்பாக்கத்தில் நிறுத்திய கார்

மனைவி போன பிறகு மகன் வீட்டுக்கு நான் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போனது அதுதான் முதல் தடவை. ஸ்ரீரங்கத்திலிருந்து சென்னை ரோடு பழகினதுதான். பயமெல்லாம் தாம்பரத்துக்கு அப்புறம். மகன் குடியிருப்பது தேனாம்பேட்டையில், ஒரு கார் நுழைந்தால் எதிரே சைக்கிள் வர முடியாத சந்து. "நேரா வீட்டுக்கே வந்தாலும் சரி, மீனம்பாக்கம் மெட்ரோ பார்க்கிங்ல விட்டுட்டு ரயில்ல வந்தாலும் சரி. உங்களுக்கு எது சௌகரியமோ செய்யுங்கப்பா" என்று போனில் சொல்லியிருந்தான். என் சௌகரியத்தை யார் கேட்டார்கள்? நாலு நாள் இருங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நானும் கேட்கவில்லை. அறுபதுகளில் எங்கள் வீட்டில், வந்தவரை 'எப்போ கிளம்பறீங்க' என்று கேட்பது பெரிய தப்பு. வருகிறவரும் 'தங்கலாமா' என்று வாய்விட்டுக் கேட்கமாட்டார். மகனையும் அப்படியேதான் வளர்த்தோம்.

வழியெல்லாம் இதே யோசனை. வாசல் வரை ஓட்டினால் கிண்டி நெரிசலில் ஒரு மணி நேரம் போகும், ஆனால் கார் அங்கேயே நிற்கும், அந்தச் சாக்கில் நானும் இருந்துவிடலாம். மெட்ரோ என்றால் அரை மணிதான். பல்லாவரத்தில் முழங்கால் மக்கர் பண்ணியது. பேச்சுக்குக்கூடப் பக்கத்து சீட்டில் ஆள் இல்லை. மீனம்பாக்கத்தில் உள்ளே திருப்பிவிட்டேன்.

பார்க்கிங்கில் நின்றவர் கேட்டார். "இன்னைக்கே எடுத்துருவீங்களா சார், நைட்டு நிக்குமா? நைட்டுன்னா ரேட் வேற."

எனக்கே தெரியாததை என்ன சொல்வது? ஓரமாக நிறுத்தி மகனுக்கு போன் போட்டேன். தங்கலாமா என்று கேட்க நா எழவில்லை. "ராத்திரி வண்டி இங்க நிக்கணுமான்னு கேக்கறாங்க" என்றேன்.

"பதினொரு மணி வரைக்கும் ரயில் இருக்குப்பா. நீங்க எப்ப வேணா வந்து எடுத்துக்கலாம்" என்றான்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னைக்கே எடுத்துடறேங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு, துணிப்பெட்டியை டிக்கியிலேயே விட்டேன். கையை வீசிக்கொண்டு ரயில் ஏறினேன்.

தேனாம்பேட்டை ஸ்டேஷன் வாசலில் மகன் நின்றிருந்தான். ஆபீசுக்கு லீவு போட்டிருக்கிறான். என் கையைப் பார்த்தான், எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"பெட்டி எங்கப்பா?"

"கார்ல இருக்கு."

"ஒருவேளை கொண்டுவந்தா தூக்கிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்" என்றான். குரல் இறங்கியிருந்தது. "ரூம்ல கட்டில்கூடப் போட்டு வெச்சிருந்தோம். நீங்க போன்ல வண்டியப் பத்திக் கேட்டதும், ராத்திரியே ஊருக்குக் கிளம்பறீங்கன்னு நெனச்சுட்டேன்."

அடுத்த ரயிலில் திரும்பிப் போய்ப் பெட்டியை எடுத்து வர ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஆமா, ஊர்ல கொஞ்சம் வேலை இருக்கு" என்றேன்.

சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குக் கிளம்பினேன். ஊரில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.