நான்கு பேர், ஒரு ரசீது, ஒரு தயிர்சாதம்

பிள்ளைகளே, உங்களைப் பெற்ற நைனா ஒருமுறை நாலால் வகுத்து மாட்டிக்கொண்ட கதை இது. வகுத்தலில் தப்பில்லை. விடை சரியாகத்தான் வந்தது. வகுத்ததுதான் தப்பு.

செஞ்சியில் வேர்க்கடலை மண்டியில், நம் பேச்சில் மல்லாட்டை மண்டியில், எனக்கு எடை போடும் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். அறுவடைக் காலம் முடிந்ததும் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து வெளியே ஒரு வேளை சாப்பிடுவோம். நான், மூட்டை தூக்கும் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருப்பவர், மினி லாரி வைத்திருக்கும் வண்டிக்காரர், மல்லாட்டை வாங்கி விற்கும் வியாபாரி ஒருவர். வியாபாரி சமணக் குடும்பம். நம் ஊர்ப்பக்கம் அவர்களை நயினார் என்று சொல்வதால் நாங்களும் அவரை அப்படியே கூப்பிடுவோம். கறி, மீன், முட்டை தொடமாட்டார். மண்ணுக்குள் விளையும் கிழங்கும் கிடையாது. பொழுது சாய்ந்தபின் சாப்பாடும் கிடையாது.

"மண்ணுக்குள்ள வெளையறத துன்னமாட்டே, மல்லாட்டை மட்டும் டன் டன்னா விப்பியா நயினாரே?" என்று வண்டிக்காரர் வருடம் தவறாமல் கேட்பார்.

"அது வேர் இல்லடா, வெதை. படிச்சிருந்தா தெரியும்" என்று நயினாரும் வருடம் தவறாமல் சொல்வார்.

அதுவரை எல்லா வருடமும் மெஸ்ஸில்தான் சாப்பிட்டோம். எல்லோருக்கும் ஒரே சைவச் சாப்பாடு, ஒரே விலை. நான்கால் வகுத்தால் முடிந்தது. அந்த வருடம் வண்டிக்காரர், திருவண்ணாமலை ரோட்டில் புதிதாக ஏசி ஓட்டல் வந்திருக்கிறது, அங்கேதான் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். நயினார் முதல் நாளே போய், சைவத்துக்குத் தனி அடுப்பு, தனிப் பாத்திரம் இருக்கிறதா என்று சமையலறை வரை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அவருக்காக மாலை ஐந்து மணி என்று பேசி, வண்டிக்காரர் வந்துசேரத் தாமதமாகி ஐந்தரைக்குப் போய் உட்கார்ந்தோம். "டிபன் துன்ற நேரத்துல பிரியாணி துன்னவெச்ச ஒரே ஆளு நீதான்யா" என்றார் வண்டிக்காரர். சொன்னாரே தவிர, கை நிற்கவில்லை.

பில் வந்தது. நான் ஃபோனில் பணம் கட்டினேன். மற்றவர்கள் பிறகு எனக்கு அனுப்புவதாகப் பேச்சு. அந்த வழவழத் தாள் ரசீதில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும் என்பதால், கையில் பிடித்துக்கொண்டே ஒரு படம் எடுத்துக்கொண்டு தாளை அங்கேயே விட்டுவிட்டேன். மொத்தம் ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறு. மறுநாள் நாலால் வகுத்து எங்கள் வாட்ஸப் குழுவில் படத்தோடு போட்டேன்: 'ஆளுக்கு 346 ரூபாய் 50 காசு.'

வண்டிக்காரரிடமிருந்து உடனே கட்டைவிரல் பொம்மை வந்தது. அவ்வளவு சீக்கிரம் அவர் எதற்குமே பதில் போட்டதில்லை. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். மேஸ்திரியும் ஒரு கட்டைவிரல் போட்டார். நயினாரிடமிருந்து ஒன்றுமில்லை.

ஒரு நாள் முழுக்க ஒன்றுமில்லை. "நயினார் பொட்டிய பூட்டிட்டு சாவிய மலை மேல வெச்சுட்டார்போல" என்று வண்டிக்காரர் எழுதினார். நானும் சிரிக்கிற பொம்மை ஒன்று போட்டேன். அதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

அடுத்த நாள் நயினாரே மண்டிக்கு வந்தார். தராசுப் பக்கத்தில் நின்றுகொண்டு, எடை போட்டு முடிக்கும்வரை காத்திருந்தார்.

"இன்னா நயினாரே, நிக்கிறே? உக்காரு" என்றேன்.

"உக்கார வரலபா." சட்டைப்பையிலிருந்து ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்தார். "இத உன் புள்ளைங்களுக்கு நோட்டு வாங்கிக் குடு. நான் குடுத்ததா இருக்கட்டும். ஆனா அந்த பில்லுக்கு மட்டும் என்னால குடுக்க முடியாது."

எனக்குப் புரியவில்லை. "ஏன், கூட போட்டுட்டனா?"

"கூட கொறைச்சல் இல்லபா. கறிக்கு என் கையால காசு குடுக்கறதில்லைன்னு கோயில்ல சொல்லிட்டு வந்தவன் நான். துன்னாதான் பாவம்னு இல்ல. நீ போட்ட முந்நூத்தி நாப்பத்தாறுல பாதிக்கு மேல உங்க பிரியாணி இருக்குது. நீங்க துன்றத நான் தப்பு சொல்லல. அடுத்த வருசத்துலேருந்து நீங்க மூணு பேர் போய்ட்டு வாங்க. எனக்காக ஏன் அஞ்சு மணிக்கெல்லாம் கஷ்டப்படணும்?"

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைக் குத்தியது. பணம் வராவிட்டால் பரவாயில்லை. இருபது வருடமாக நான்கு இலை போட்ட பந்தியில் ஒரு இலை குறையப்போகிறது, அதுவும் என் வகுத்தலால். ஐந்நூறை அவர் பையிலேயே திருப்பிச் சொருகினேன். "மத்தியானம் வா. சரியா போட்டு வெக்கிறேன்" என்றேன்.

சாப்பாட்டு நேரத்தில் எடைச்சீட்டின் பின்பக்கத்தில் எழுத உட்கார்ந்தேன். வண்டிக்காரரும் மேஸ்திரியும் ஆளுக்கொரு டீயோடு வந்து தலைக்கு மேல் நின்றார்கள். ஃபோனில் படத்தைப் பெரிதாக்கினேன். மட்டன் பிரியாணி இரண்டு, ஒன்று இருநூற்று எண்பது. வண்டிக்காரருக்கு ஒன்று, மேஸ்திரிக்கு ஒன்று. சிக்கன் பிரியாணி இருநூறு, அது எனக்கு. சிக்கன் சிக்ஸ்டி ஃபைவ் ஒரு தட்டு நூற்று எண்பது. நயினார் தவிர மூன்று பேரும் சாப்பிட்டதால் ஆளுக்கு அறுபது. தயிர்சாதம் எண்பது, எலுமிச்சை ஜூஸ் நாற்பது, இரண்டும் நயினாருக்கு. கடைசியில் ஃபலூடா. அது வண்டிக்காரருடையது. ஆனால் அதன் விலை இருக்கவேண்டிய இடத்தில் என் கட்டைவிரல் இருந்தது.

"சின்ன கப்புதான்பா. தொண்ணூறு இருக்கும்" என்றார் வண்டிக்காரர்.

"சின்ன கப்பா? பூ வெக்கிற ஜாடி மாதிரி இருந்துச்சு" என்றார் மேஸ்திரி.

விரலுக்குக் கீழே, சாப்பாட்டின் கூட்டுத்தொகை ஆயிரத்து இருநூறு என்று தெளிவாக இருந்தது. தெரிந்த விலைகளைக் கூட்டினால் ஆயிரத்து அறுபது. மீதி நூற்று நாற்பது. விரலுக்கு அடியில் வேறு எதுவும் இருக்க முடியாது.

"ஜாடிக்கு நூத்தி நாப்பது" என்றேன்.

"உன் வெரலு அங்கயே இருந்திருக்கலாம்" என்றார் வண்டிக்காரர்.

ஆக, சாப்பாடு மட்டும்: நயினார் நூற்று இருபது, நான் இருநூற்று அறுபது, மேஸ்திரி முந்நூற்று நாற்பது, வண்டிக்காரர் நானூற்று எண்பது. கூட்டினால் ஆயிரத்து இருநூறு. சரி. அதற்குக் கீழேதான் சிக்கல். சர்வீஸ் சார்ஜ் என்று பத்து சதவீதம், நூற்று இருபது ரூபாய். அப்புறம் எல்லாவற்றுக்கும் மேல் ஐந்து சதவீத வரி, அறுபத்தாறு ரூபாய்.

"இந்த சர்வீஸ் காசு வேணாம்னா எடுத்துடுவாங்களாமே" என்றார் மேஸ்திரி.

"பணம் கட்டினப்புறம்தானே பாத்தேன்" என்றேன்.

"அத விடு. அத நாலா போடு" என்றார் வண்டிக்காரர். "அந்த சர்வர் தம்பி நாலு பேருக்கும்தானே தண்ணி ஊத்துச்சு? ஆளுக்கு முப்பது. வரிய மட்டும் அவனவன் தொகைக்குப் போடு."

நியாயமாகத்தான் பட்டது. நானும் அப்படியே போட்டேன். நயினாருக்கு நூற்று இருபதும் முப்பதும் நூற்றைம்பது, வரி ஏழரை, ஆக நூற்று ஐம்பத்தேழு ரூபாய் ஐம்பது காசு. அதற்குள் நயினார் வந்துவிட்டார். சீட்டை வாங்கி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். முப்பதில் விரல் நின்றது.

"இந்த முப்பது எதுக்கு?"

"தண்ணி ஊத்தினதுக்கு" என்றார் வண்டிக்காரர்.

"தண்ணிக்கு எவ்ளோ வேணா குடுக்கறேன். ஆனா இந்த நூத்தி இருபது தண்ணிய வெச்சா வந்துது? தட்டுல இருந்தத வெச்சுதானே வந்துது?"

 அப்போது வாசலில் வல்லத்துப் பக்கமிருந்து ஒரு வண்டி வந்து நின்றது. மூன்று விவசாயிகளின் மூட்டைகள் ஒரே வண்டியில். வண்டியை விட்டு இறங்கும்போதே அவர்களுக்குள் பேச்சு: "உன்து எத்தினி மூட்டை? என்து பத்துதான்." அதைக் கேட்டதும் என் தலையில் நானே தட்டிக்கொண்டேன். தினமும் நான் செய்கிற வேலை அது! வண்டி வாடகையை நாங்கள் ஆளுக்கு இவ்வளவு என்று எப்போதாவது பிரித்திருக்கிறோமா? பத்து மூட்டைக்காரனும் நாற்பது மூட்டைக்காரனும் ஒரே வாடகை கொடுத்தால் மண்டியில் அடிதடியாகிவிடும். மூட்டைக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு.

வண்டிக்காரரைப் பார்த்தேன். "உன் லாரியில பத்து மூட்டைக்கும் நாப்பது மூட்டைக்கும் ஒரே வாடகைன்னு சொல்லிடலாமா?"

அவர் டீயைக் கீழே வைத்தார். "இதெல்லாம் பேசக்கூடாது" என்றார்.

திருப்பி எழுதினேன். பத்து சதவீதம் சாப்பாட்டின் மேல் வந்தது. ஆகவே அவரவர் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கு. அதைச் சேர்த்த தொகைக்கு ஐந்து சதவீத வரி. நயினாருக்கு நூற்று இருபது, பன்னிரண்டு, வரி ஆறு ரூபாய் அறுபது காசு, மொத்தம் 138.60. எனக்கு 300.30. மேஸ்திரிக்கு 392.70. வண்டிக்காரருக்கு 554.40. நான்கையும் கூட்டினேன். ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறு, காசு சுத்தமாக. உங்கள் நைனா பத்தாவதோடு நின்றவன் என்றாலும், கூட்டிப் பார்க்காமல் சீட்டைக் கையில் கொடுப்பதில்லை. முதல் தடவையும் வகுத்ததைக் கூட்டிப் பார்த்தேன். ஆனால் யார் என்ன சாப்பிட்டார்கள் என்று மட்டும் பார்க்கவில்லை.

முதல் சீட்டையும் இரண்டாம் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த மேஸ்திரிதான் சொன்னார். "நயினாருக்குக் கொறைஞ்சது பதினெட்டு ரூபா தொண்ணூறு காசு. இவனுக்கு ஏறினதும் அதே பதினெட்டு ரூபா தொண்ணூறு காசு. அந்த ஜாடிய யார் தலையில எறக்கி வெக்கப் பாத்தே, ஆங்?"

"எனக்கின்னா தெரியும், நான் லாரி ஓட்றவன்" என்றார் வண்டிக்காரர். காது மட்டும் சிவந்திருந்தது.

நயினார் மறுபடி விரல் வைத்துப் படித்தார். "இந்தப் பன்னெண்டு, தயிர்சாதத்துக்கும் ஜூஸுக்கும் மட்டும்தானே?"

"அதுக்கு மட்டும்தான். ஒரு துண்டுக் கறிக்குக்கூட உன் காசு போகல."

"இந்த ஆறு ரூபா அறுபதும்?"

"உன் நூத்தி முப்பத்திரண்டுக்கு வரி. அவ்ளோதான்."

கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். பிறகு ஃபோனை எடுத்தார். என் ஃபோன் பணம் வந்ததாகச் சத்தமாகச் சொன்னது. நூற்று முப்பத்தெட்டு ரூபாய் அறுபது காசு. ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"அடுத்த வருசம்?" என்று கேட்டேன்.

"அஞ்சு மணின்னா அஞ்சு மணிக்கு வரணும். இந்தவாட்டி இவனாலதான் அஞ்சரை ஆச்சு" என்றார் நயினார், வண்டிக்காரரைக் காட்டி.

வண்டிக்காரர் ஐந்நூற்று ஐம்பத்தைந்து அனுப்பிவிட்டு, அறுபது காசை எப்போது திருப்பித் தருவாய் என்று என்னைக் கேட்டுக்கொண்டே எழுந்தார். "அடுத்த வருசம் நானும் தயிர்சாதம்தான்" என்றும் சொன்னார். யாரும் நம்பவில்லை.