நாலாவது கிளாம்ப்

கார் தொழிற்சாலையின் பாடி ஷாப்பில் அவரை எல்லோரும் ஷிம்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஷிம் என்றால் காகிதம் போன்ற மெல்லிய இரும்புத் துண்டு. தகடு அரை மில்லி இறங்கி நின்றால், தாங்கும் கட்டையின் அடியில் ஒன்றைச் செருகுவார். அடுத்த கார் சரியாக வரும். இருபத்திரண்டு வருடம் இதைச் செய்தே பிள்ளைகளைப் படிக்க வைத்தார். சட்டைப் பையில் எப்போதும் ஷிம் இருக்கும் என்பதால், துவைக்கும்போது மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதும் அதே இருபத்திரண்டு வருடமாக நடக்கிறது.

காரின் பின்பக்க அடிப்பாகம் அவருடைய லைனில்தான் உருவாகும். அச்சில் அழுத்தி வளைத்த எழுபத்தொரு தகடுகள், எழுநூற்றுச் சொச்சம் வெல்டிங் புள்ளிகள், முப்பத்தெட்டு ஆட்கள். அதே பாகத்தை அலுமினியத்தை உருக்கி ஒரே துண்டாக வார்த்துவிடலாம் என்று பக்கத்துக் கொட்டகையில் ஒரு ராட்சத இயந்திரத்தை இறக்கினார்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒன்று. அதை ஓட்டியவன் ஷிம்காரரின் சொந்த மச்சினன், அதாவது மனைவியின் தம்பி. ஒரே வீட்டில் மாடியில் குடியிருந்தான்.

"எழுபத்தொண்ணு எதுக்கு மாமா? ஒண்ணு போதும்," என்பான் சாப்பிடும்போது.

"பின்னாடி ஒருத்தன் இடிச்சா நான் நாலு தகட்ட வெட்டி மாத்துவேன். நீ என்ன மாப்ளே பண்ணுவ? மொத்தத்தையும் கழட்டிப் போடுவியா?"

"ரெண்டு பேரும் வாய மூடிட்டு சாப்பிடுங்க," என்பாள் அக்காக்காரி. பேச்சு அத்தோடு முடியும்.

சோதனையில் வார்ப்பு மண்ணைக் கவ்வியது. பன்னிரண்டு துண்டுகளை அளந்ததில், சிலவற்றுக்கு இடது மூலை தூக்கியிருந்தது, சிலவற்றுக்கு வலது மூலை. ஒன்றுபோல் ஒன்று இல்லை. வரும் வெள்ளிக்கிழமை கூட்டத்தில் வார்ப்பை மூட்டை கட்டிவிடப் போவதாக மேனேஜர் சொன்னார். லைன் பிழைத்தது என்று முப்பத்தெட்டு பேரும் ஷிம்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். தான் எதுவும் செய்யவில்லை என்று அவர் சொல்லியும் கேட்கவில்லை.

டீயைக் குடித்தபடியே அளவுத் தாளைப் புரட்டியவர் ஒன்றைக் கவனித்தார். வலது மூலை தூக்கியவை எல்லாம் காலை ஷிப்டில் அளந்தவை. இடது மூலை தூக்கியவை எல்லாம் மாலை ஷிப்டில் அளந்தவை. காலையில் அளப்பவர் துண்டை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்புகளில் இடப்பக்கத்தவற்றை முதலில் பூட்டுவார். மாலையில் அளப்பவர் இடதுகைக்காரர். அவர் வலப்பக்கத்திலிருந்து ஆரம்பிப்பார்.

அளந்த மேடை ஷிம்காரர் தகடுகளுக்காகச் செய்தது. நாலு மூலையிலும் நாலு தாங்கி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கிளாம்ப். தகடு வளைந்து கொடுக்கும். நாலையும் பூட்டினால் சொன்ன பேச்சைக் கேட்டு உட்காரும். வார்ப்பு விறைப்பானது. நாலு காலில் ஒன்று ஒட்டாத நாற்காலிபோல் ஆடும். முதலில் பூட்டிய பக்கம் தணியும், எதிர்ப்பக்கம் எழும்பும். கோணல் துண்டில் பாதி, அளந்த முறையில் பாதி.

இதைச் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. சொன்னால் லைன் போய்விடும். வார்ப்பு மேடையில் ஷிம் வைக்க வேலையே இல்லை என்பது அவருக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, கூட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு, நாலாவது கிளாம்பை அதன் தாங்கியோடு தானே கழற்றி வைத்தார். பன்னிரண்டு துண்டுகளையும் மூன்று தாங்கிகளில் மட்டும் உட்கார வைத்து, மறுபடி அளக்கச் சொன்னார். பன்னிரண்டிலும் இடது பின்மூலை ஒன்றரை மில்லி தூக்கியிருந்தது. மில்லியில் பத்தில் ஒரு பங்குகூட முன்னே பின்னே இல்லை.

"எல்லாம் ஒரே மாதிரி கோணலா இருக்கு சார்," என்றார் மேனேஜரிடம். "ஆறும்போது அந்த மூல எழும்புது. அச்சுல அந்த அளவ எதிர்ப்பக்கம் குடுத்தா நேராயிடும். ஒரு தடவ திருத்தினாப் போதும். எங்க தகடு மாதிரி தினமும் திருத்த வேண்டாம்."

மேனேஜர் அளவுத் தாளை வாங்கிப் பார்த்தார். "இத நீங்க சொல்லணும்னு இல்லையே."

"மேடை என்னுது சார்."

அச்சைத் திருத்த ஆறு வாரம் பிடித்தது. அடுத்த துண்டுகள் நூல் பிடித்தாற்போல் வந்தன. புதிய மாடலுக்கு வார்ப்புதான் என்று முடிவானது. பழைய லைனின் ஆட்களில் ஒன்பது பேருக்கு அங்கே இடம்; ஷிம்காரர் பெயர் அந்த ஒன்பதில் இல்லை. அன்று மச்சினன் மாடியிலிருந்து சாப்பிட இறங்கி வரவே இல்லை. அக்காக்காரி தட்டில் போட்டு மேலே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மறுநாள் லைனை நிறுத்தி, செய்தியை ஷிம்காரரே சொன்னார். வெல்டிங் பையன்களுக்கு எல்லாம் மூத்தவர் கையுறையைக் கழற்றியபடி கேட்டார்.

"செத்துப் போச்சுன்னாங்களேண்ணே அந்த வார்ப்பு. எந்தப் புண்ணியவான் அதக் காப்பாத்தினான்?"

"நான்தான்," என்றார் ஷிம்காரர்.