ஒடியல் மா போடாத சூப்

கனடாவில் இருக்கும் மகளின் பிள்ளைப்பேறு பார்க்க மனைவி போன மூன்றாம் கிழமை, கிளினிக்கில் எனக்கு இரத்தத்தில் சீனி கூடிவிட்டது என்றார்கள்.

"ராவில புட்டை விடுங்கோ அண்ணை. பருப்பும் மரக்கறியும் போட்டுச் சூப் வைச்சுக் குடியுங்கோ" என்றார் தாதி. எப்படி வைப்பது என்று கேட்காமலே தலையாட்டிவிட்டு வந்தேன்.

இங்கே பின்னேரம் ஆறரை என்றால் அங்கே காலை ஒன்பது. அந்த நேரத்தில்தான் மனைவி போனில் முகம் காட்டுவாள்.

"சூப் காய்ச்சல்காரர் குடிக்கிறதல்லோ?" என்றேன்.

"அது தண்ணிச் சூப். நான் சொல்லுறது வயிறு நிரம்புறது. எழுதுங்கோ."

ஐந்தாம் வகுப்போடு நின்ற என் எழுத்தில், கலண்டர் தாளின் பின்புறம் ஒரு கிழமைக்கான சூப்புகளை நாள் நாளாக எழுதினேன். திங்கள் மைசூர்ப் பருப்பும் பூசணிக்காயும். செவ்வாய் பயறும் முருங்கை இலையும். புதனுக்குக் கடலையும் நறுக்கிய கோவா இலையும் கரட்டும்; கடலையை முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும். வியாழன் திரும்பவும் மைசூர்ப் பருப்பு, ஆனால் கீரையோடு. இரண்டு நாளுக்குரிய பருப்பை உப்பில்லாமல் ஒன்றாக அவித்து, ஒரு பங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மற்ற நாள் வேலை பாதி. இலையைக் கடைசியில்தான் போட வேண்டும். மிளகும் சீரகமும் இடித்துப் போட்டு, அடுப்பால் இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி விட வேண்டும்.

"அடுத்த கிளினிக்கிலும் சீனி குறையாட்டில் பிளேன் ரிக்கெற்றை மாத்திக்கொண்டு வந்திடுவன்" என்றாள்.

மகளுக்குப் பிள்ளை பிறக்கும் நாள் அதற்கடுத்த மாதம்தான். எனக்கு அது நன்றாகத் தெரியும். இருந்தும் 'வந்திடுவன்' என்ற சொல் காதில் விழுந்ததும் நெஞ்சு ஒருமுறை துள்ளியது. அதை நினைக்க இன்றும் வெட்கமாக இருக்கிறது.

முதல் நாள் சூப் வாசமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்பது மணிக்கே திரும்பப் பசித்தது. பகல் முழுவதும் வெங்காயத் தோட்டத்தில் நின்ற உடம்பு. அடுத்த நாள் பானை கொதிக்கும்போது என் கை தானாகவே, பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா ரின்னுக்குப் போனது. பானையில் மரக்கறி கொதித்தால் மா கரைத்து விட்டுத் தடிப்பாக்குவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். ஒரு பிடி மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். கூழுக்குப் போடுகிற மீனில்லை, நண்டில்லை, ஆகவே இது சூப்தான் என்று நினைத்துக்கொண்டேன். வயிறு நிரம்பி நித்திரையும் வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான்.

அடுத்த கிளினிக்கில் சீனி குறையவில்லை. கொஞ்சம் கூடியும் இருந்தது.

"சூப் தானே குடிச்சனீங்கள்?" என்று அன்று பின்னேரம் போனில் மனைவி கேட்டாள்.

"ஓம்."

"அப்ப இது வேற ஏதோ. நான் வாறன். தனிய விட ஏலாது."

அவளுக்குப் பின்னால் மகள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். தாயைப் பார்த்தாள். நானும் பேசாமல் இருந்தால் போதும். ஒரு கிழமைக்குள் குசினியில் அவள் சத்தம் கேட்கும். எனக்கு முன்னால் அவளுடைய கதிரை வெறுமையாகக் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நில்லும்" என்றேன். "சூப்புக்குள்ள ஒடியல் மா போட்டனான்."

"எவ்வளவு?"

"ஒரு பிடி."

"உங்கட பிடியோ, என்ர பிடியோ?"

"என்ர."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம்."

"உங்களுக்கு விசரே! அது சூப்பில்லையப்பா, நண்டு ஓடிப்போன கூழ்!"

மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மனைவியும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்ப அடுப்படிக்குப் போங்கோ" என்றாள்.

போனைத் தேங்காய் ஒன்றில் சாய்த்து வைத்தேன். அவித்த பருப்பில் பாதியை அகப்பையின் பின்பக்கத்தால் மசித்துத் திரும்பப் பானையில் போடச் சொன்னாள். பூசணியிலும் இரண்டு துண்டை நசுக்கினேன். மாவில்லாமலே தடித்தது.

"மற்றதை நசுக்காதேங்கோ. மென்று தின்ன ஏதும் கிடக்க வேணும். கெதியாக் குடிச்சால் கெதியாப் பசிக்கும்."

அவள் பாணும் தேத்தண்ணீருமாகக் காலைச் சாப்பாட்டோடு இருக்க, நான் கரண்டி கரண்டியாக இரவுச் சாப்பாட்டை மென்றேன். அன்று பசி எழுப்பவில்லை.

அதற்கடுத்த கிளினிக்கில் சீனி இறங்கியிருந்தது. போனில் சொன்னதும் அவள் முகம் தெளிந்தது.

"அப்ப பிள்ளை பிறந்து முப்பத்தொராம் நாள் சடங்கும் முடிச்சிட்டு வரட்டே?"

"ஓம். அவசரப்படாமல் ஆறுதலா வாரும்."

அன்று வியாழன். கீரை போட்டு இறக்கித் தேசிக்காய் பிழிந்தேன். பழக்கத்தில் இரண்டு கோப்பை எடுத்து வைத்துவிட்டேன். ஒன்றைத் திரும்ப அலுமாரியில் வைத்துவிட்டு, அவளுடைய கதிரையில் போனைச் சாய்த்து வைத்து மெல்ல மெல்லச் சாப்பிட்டேன்.